விரிவுரையாளர் பணிக்கான சி.வி.: வெளியீடு, கற்பித்தல், நிதி, எதை எங்கே வைப்பது?

கேள்வி: பிஎச்.டி. முடித்து 4 வருடம் ஆகிறது, இப்போது இரண்டாவது போஸ்ட்டாக்கில் இருக்கிறேன், துறை சூழல் வேதியியல். என் சி.வி. 7 பக்கம். கட்டுரைகள் 4ஆம் பக்கத்தில் வருகின்றன, நிதி 6ஆம் பக்கத்தில், கற்பித்தல் கடைசியில் நாலே வரி. வெளியானவை 9 கட்டுரைகள், அதில் 4இல் நான் முதல் ஆசிரியர். இன்னும் 2 ஜர்னலின் பரிசீலனையில் உள்ளன. ஒரு சிறிய உள் நிதி, 2 பயண நிதி, பிஎச்.டி. உதவித்தொகை, பிறகு என் வழிகாட்டியின் பெரிய திட்டம், இவ்வளவுதான் நிதிப் பக்கம். கற்பித்தலில் ஆய்வக வகுப்புகள், சில விருந்தினர் உரைகள், ஒரு பருவத்தில் பாதிப் பாடம். விரிவுரையாளர் விளம்பரம் ஒன்றில் இளநிலை மாணவர்களுக்குப் பகுப்பாய்வு வேதியியல் நடத்த வேண்டும், சொந்த ஆய்வு நடத்த வேண்டும், வெளி நிதி பெறும் திறனுக்கு ஆதாரம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எந்த வரிசையில் மாற்றி அடுக்குவது?

பதில்:

முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். விண்ணப்பிக்கும் இடம் தனக்கென்று ஒரு படிவமோ, இந்த வரிசையில்தான் சி.வி. இருக்க வேண்டும் என்ற விதியோ வைத்திருக்கிறதா? இருந்தால் அதை அப்படியே பின்பற்றுங்கள், கீழே நான் சொல்வதில் வரிசை பற்றிய பகுதியை விட்டுவிட்டு ஒவ்வொரு பதிவையும் எப்படி எழுதுவது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி போட்டுத் தேர்வு செய்யும் இடங்களில் வரிசையைவிட ஒவ்வொரு உருப்படிக்கும் சான்று இருக்கிறதா என்பதுதான் கணக்கு. அப்படி எதுவும் சொல்லாமல் "சி.வி. இணைக்கவும்" என்று மட்டும் இருந்தால்தான் வரிசை உங்கள் கையில் இருக்கிறது.

தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன், குறும்பட்டியல் போடும் கட்டத்தில் உங்கள் சி.வி.யை யாரும் முதல் வரியிலிருந்து கடைசி வரை படிப்பதில்லை. விளம்பரத்தில் இருக்கும் அவசியத் தகுதிகளை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் சி.வி.யில் ஆதாரம் எங்கே என்று தேடுகிறோம். குழுவில் உங்கள் துறைக்காரர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள், மற்றவர் வேறு பிரிவிலிருந்து வந்திருப்பார், சில சமயம் வேறு துறையிலிருந்தே வந்திருப்பார். தேடியது கிடைக்காவிட்டால் "ஆதாரம் இல்லை" என்று குறித்துவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார்கள். உங்கள் கற்பித்தல் 7ஆம் பக்கத்தில் நாலு வரியில் இருப்பதன் உண்மையான ஆபத்து அதுதான். அனுபவம் இருந்தும், விளம்பரம் முதலாவதாகக் கேட்ட தகுதி உங்களிடம் இல்லை என்று பதிவாகும்.

அதனால் வரிசையை விளம்பரத்திலிருந்து எடுங்கள். கற்பித்தல் முதலில் சொல்லப்பட்டிருக்கிறதா, ஆய்வு முதலில் வருகிறதா, பணிகள் பட்டியலில் எதற்கு எத்தனை வரி ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கற்பித்தலுக்கு மட்டுமான பதவி என்றால் கற்பித்தல், பாடத்திட்ட வேலை, மாணவர் வழிகாட்டல் எல்லாம் முடிந்த பிறகுதான் கட்டுரைகள். ஆய்வுக்குப் பேர்போன துறை, ஆய்வுக் குழு அமைப்பதைப் பற்றியே பாதி விளம்பரம் பேசுகிறது என்றால் கட்டுரைகள் முன்னால். நீங்கள் சொல்வது இரண்டையும் கேட்கும் வழக்கமான விரிவுரையாளர் பதவி, அதிலும் ஒரு பாடத்தின் பெயரையே சொல்லிக் கேட்கிறார்கள். ஒரு பாடத்தைப் பெயர் சொல்லிக் கேட்டால் அந்தப் பாடத்தை நடத்த இப்போது ஆள் இல்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: படிப்பும் பணிகளும் சுருக்கமாக, அடுத்து கற்பித்தல், அடுத்து வெளியீடுகள், அடுத்து நிதி, அப்புறம் மற்றவை. கட்டுரைக்கு முன்னால் கற்பித்தலா என்று உங்கள் வழிகாட்டி முகம் சுளிக்கலாம். ஆனால் உங்கள் கற்பித்தல் பகுதி சரியாக எழுதினாலும் அரைப் பக்கத்தைத் தாண்டாது, எனவே கட்டுரைகள் 2ஆம் பக்கத் தொடக்கத்திலேயே வந்துவிடும், எதுவும் புதைந்துபோகாது. இதே சி.வி.யை ஆய்வு மையம் ஒன்றுக்கு அனுப்பும்போது இந்த இரண்டு பகுதிகளையும் இடம் மாற்றினால் போதும்.

நிதியை ஏன் மூன்றாவதாக வைக்கிறேன் என்றால், நிதி என்பது ஆய்வின் தொடர்ச்சியாகப் படிக்கப்படுகிறது. என்ன ஆய்வு செய்தார் என்று தெரிந்த பிறகுதான் அதற்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பது பொருள்படும். பெரிய தொகையை முதன்மை ஆய்வாளராகச் சொந்தப் பெயரில் வாங்கியவர் அதை முன்னால் இழுக்கலாம். உங்களிடம் இருப்பது சிறிய உள் நிதி ஒன்று. அதை முதல் பக்கத்தில் தனித் தலைப்பு போட்டு நிறுத்தினால் அது எவ்வளவு சிறியது என்பதுதான் கண்ணில் படும்.

முதல் பக்கத்தில் இப்போது என்ன இருக்கிறது? நான் ஊகிக்கிறேன்: "ஆர்வமும் உழைப்பும் கொண்ட ஆய்வாளர்" என்று தொடங்கும் ஒரு பத்தி, பள்ளி மதிப்பெண் வரை போகும் படிப்பு விவரம், இயக்கத் தெரிந்த கருவிகளின் நீளமான பட்டியல். அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, பெயருக்கும் தொடர்பு விவரத்துக்கும் கீழே மூன்று வரி மட்டும் எழுதுங்கள். இப்போது எங்கே என்ன பதவி, ஆய்வு எதைப் பற்றியது (துறைக்கு வெளியே உள்ளவருக்கும் புரிகிற சொற்களில்), எந்தப் பாடத்தை எந்த நிலையில் நடத்தியிருக்கிறீர்கள். படிப்பில் பிஎச்.டி., முதுநிலை, இளநிலை மூன்றும் போதும். பிஎச்.டி.க்கு ஆய்வேட்டின் தலைப்பையும் பட்டம் பெற்ற ஆண்டையும் எழுதுங்கள். பணிகளில் இரண்டு போஸ்ட்டாக்குகளையும் மாதம், வருடத்தோடு எழுதுங்கள். நடுவில் இடைவெளி இருந்தால் அந்த இடத்திலேயே ஒரு வரியில் காரணத்தைச் சொல்லிவிடுங்கள், குழந்தை பராமரிப்பு, உடல்நலம், எதுவானாலும் சரி, விவரம் தேவையில்லை. சொல்லாமல் விட்ட இடைவெளியைப் படிப்பவர் தன் ஊகத்தால் நிரப்பிக்கொள்வார். கருவிகள் பட்டியல் கடைசிப் பக்கத்துக்குப் போகட்டும், ஆனால் அதில் பாடத்தோடு தொடர்புள்ள கருவிகளைக் கற்பித்தல் பகுதிக்குள்ளேயே கொண்டுவர ஒரு வழி இருக்கிறது, இதோ வருகிறேன்.

கற்பித்தல் பகுதியில் எல்லோரும் செய்யும் தவறு, அதை ஒரு வேலைப் பதிவு போலத் தேதி வரிசையில் எழுதுவது. "ஆய்வக உதவியாளர், 3 ஆண்டு. விருந்தினர் விரிவுரைகள். பகுப்பாய்வு வேதியியல், ஒரு பருவம்." இதைப் படிக்கும் நான் என்ன தெரிந்துகொள்ள முடியும்? வகுப்பில் எத்தனை பேர், நீங்கள் பாடம் நடத்தினீர்களா அல்லது மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தீர்களா, கேள்வித்தாள் தயாரித்தது யார், விடைத்தாள் திருத்தினீர்களா, ஒன்றும் தெரியாது. கற்பித்தலைப் பொறுப்பின் அளவுப்படி அடுக்குங்கள். முழுப் பொறுப்பு அல்லது பகுதிப் பொறுப்போடு நடத்திய பாடம் முதலில், தனி விரிவுரைகள் அடுத்து, ஆய்வகமும் டியூட்டோரியலும் அதற்கடுத்து, மாணவர் ஆய்வு வழிகாட்டல் தனியாக. ஒவ்வொரு பதிவிலும் பாடத்தின் பெயர், மாணவர் நிலை, எண்ணிக்கை, உங்கள் பங்கு ஆகிய நாலும் இருக்க வேண்டும்.

உங்களுடைய அந்த ஒரு பருவத்தை எடுத்துக்கொள்வோம். எண்களை நான் உதாரணத்துக்காகப் போடுகிறேன், உங்களுடையதை நிரப்பிக்கொள்ளுங்கள்:

"பகுப்பாய்வு வேதியியல், இளநிலை 2ஆம் ஆண்டு, 60 மாணவர்கள். இணைப் பொறுப்பு: 24 விரிவுரைகளில் 12 (நிறப்பிரிகை, நிறமாலையியல் பகுதிகள்). இந்தப் பகுதிகளுக்கான தேர்வு வினாக்களைத் தயாரித்து விடைத்தாள் திருத்தினேன். நீர் மாதிரிகளில் நைட்ரேட் அளவிடும் புதிய ஆய்வகப் பயிற்சி ஒன்றை வடிவமைத்தேன், அது தொடர்ந்து பயன்பாட்டில் உள்ளது."

நாலே வாக்கியம்தான், ஆனால் விளம்பரம் கேட்ட பாடம், கேட்ட நிலை, வகுப்பு அளவு, மதிப்பீடு செய்த அனுபவம், பாடத்திட்டத்துக்குப் புதிதாக ஒன்றைச் சேர்த்தது எல்லாம் வந்துவிட்டன. கருவிகளும் வந்துவிட்டன, அதுவும் கற்பித்த கருவிகளாக. "நிறப்பிரிகைக் கருவி இயக்கத் தெரியும்" என்பதைவிட "நிறப்பிரிகை நடத்தினேன்" என்பதுதான் இந்தக் குழுவுக்குத் தேவை. இதை எழுதும்போது சொல்லில் நேர்மை வேண்டும். "பொறுப்பு" என்று எழுதிவிட்டு நேர்காணலில் "இல்லை, பேராசிரியர்தான் பொறுப்பு, நான் பாதி வகுப்பு எடுத்தேன்" என்று இறங்கி வருவது நல்ல அனுபவத்தைக்கூடச் சந்தேகத்துக்குரியதாக்கிவிடும். பாதி என்றால் பாதி என்றே எழுதுங்கள், பாதியே உங்கள் கட்டத்தில் நல்லதுதான்.

மாணவர் கருத்துக் கணிப்பு மதிப்பெண்ணைச் சேர்க்கலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. எத்தனை பேரில் எத்தனை பேர் பதில் சொன்னார்கள், அளவுகோல் என்ன, இவை இரண்டும் சேர்ந்து வந்தால் சேர்க்கலாம். "5க்கு 4.6, 60 பேரில் 41 பேர்" என்பது தகவல். "மாணவர் மதிப்பீடு: மிகச் சிறப்பு" என்பதில் தகவல் எதுவும் இல்லை. 60 பேரில் 7 பேர்தான் பதில் போட்டார்கள் என்றால் விட்டுவிடுங்கள்.

வழிகாட்டல் விஷயத்திலும் இதே கறார் வேண்டும். போஸ்ட்டாக்காக இருப்பவர் பெயர் பல இடங்களில் வழிகாட்டிப் பதிவேட்டில் இருக்காது, ஆனால் அன்றாட வேலையை அவர்தான் பார்த்திருப்பார். "முதுநிலை ஆய்வுத் திட்டங்கள் 3 (2 நிறைவு, 1 நடப்பில்). அன்றாட வழிகாட்டல் என் பொறுப்பு, பதிவு பெற்ற வழிகாட்டி பேராசிரியர்" என்று எழுதினால் பொய்யும் இல்லை, உழைப்பும் மறையவில்லை. அந்த மாணவர்களில் ஒருவரோடு சேர்ந்து கட்டுரை வெளியாகியிருந்தால் வெளியீட்டுப் பட்டியலில் அந்த மாணவர் பெயருக்கு ஒரு குறியிட்டு "நான் வழிகாட்டிய மாணவர்" என்று சொல்லுங்கள். கற்பித்தலும் ஆய்வும் ஒரே வரியில் சேரும் இடம் அது, பலர் கவனிக்காமல் விடுகிறார்கள்.

இனி வெளியீடுகள். நீங்கள் 9 கட்டுரையையும் பரிசீலனையில் உள்ள 2ஐயும், புத்தக அத்தியாயம், மாநாட்டுச் சுருக்கம் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து வருட வரிசையில் ஒரே பட்டியலாக வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏழு பக்க சி.வி.க்களில் அப்படித்தான் இருக்கும். நீளமாகத் தெரியும் என்பதற்காகச் செய்வது, பலன் நேர்மாறானது. இப்படிக் கலந்த பட்டியலைப் பார்த்தால் படிப்பவர் முதலில் செய்வது உண்மையான கட்டுரைகளைப் பிரித்து எண்ணுவது. எண்ணி முடிக்கும்போது "இதை எதற்கு மறைத்து வைத்தார்" என்ற எண்ணமும் கூடவே வந்துவிடும். எண்ணிக்கையை நீங்களே சொல்லிவிடுங்கள். தலைப்புக்குக் கீழே ஒரு வரி: "சக ஆய்வாளர் மதிப்பாய்வு பெற்று வெளியானவை 9, முதல் ஆசிரியராக 4." அதன் கீழ் தனித்தனித் துணைத்தலைப்புகள்: ஜர்னல் கட்டுரைகள், புத்தக அத்தியாயங்கள், பரிசீலனையில் உள்ளவை, மாநாட்டு உரைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் புதியது மேலே. உங்கள் துறையில் ஜர்னல்தான் தலை. கணினி அறிவியலில் முழு மதிப்பாய்வோடு வெளியாகும் மாநாட்டுக் கட்டுரை ஜர்னலுக்குச் சமமாகவோ மேலாகவோ நிற்கும், வரலாறு, இலக்கியம் போன்ற துறைகள் பலவற்றில் தனிநூல்தான் முதலில் வரும், எனவே வேறு துறை நண்பரின் சி.வி.யைப் பார்த்து அப்படியே நகலெடுக்க வேண்டாம்.

முதல் ஆசிரியர் கட்டுரைகளை மட்டும் தனியாக மேலே தூக்கி வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். 9 கட்டுரைக்கு அது வேண்டாம், பட்டியல் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடும். உங்கள் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டால் எங்கே நிற்கிறீர்கள் என்பது தானாகத் தெரியும். 25, 30 கட்டுரை உள்ளவர்தான் "தேர்ந்தெடுத்த 5" என்று முன்னால் வைத்து முழுப் பட்டியலைப் பின்னிணைப்புக்கு அனுப்ப வேண்டும். ஆனால் அந்தத் "தேர்ந்தெடுத்த" பட்டியலிலிருந்து ஓர் உத்தியை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்: மிக முக்கியமான 3 கட்டுரைகளுக்குக் கீழே, சாய்வெழுத்தில் ஒரேயொரு வாக்கியம், அந்தக் கட்டுரை என்ன கண்டது, அதில் நீங்கள் செய்தது என்ன என்று. உதாரணத்துக்கு: "விவசாயக் கழிவுநீரில் பூச்சிக்கொல்லி எச்சங்களைப் பிரிக்கும் முறையை உருவாக்கினேன், அளவீடுகள் எல்லாம் என்னுடையவை, வரைவும் நானே எழுதினேன்." நடுவில் பெயர் வரும் 5 கட்டுரைகளில் ஒன்றுக்கு இப்படி எழுதுவது இன்னும் பலன் தரும். 14 பேர் எழுதிய கட்டுரையில் 6ஆவது பெயர் என்றால் படிப்பவருக்கு எதுவும் புரியாது, "நிறை நிறமாலை அளவீடுகள் அனைத்தும் நான் செய்தவை" என்றால் புரிந்துவிடும்.

ஆசிரியர் வரிசையை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். அச்சில் எப்படி இருக்கிறதோ அப்படியே. தங்கள் பெயரை முதலில் எழுதிவிட்டு "மற்றும் பிறர்" என்று போட்ட சி.வி.க்களைப் பார்த்திருக்கிறேன். இணைப்பைச் சொடுக்கிப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது, பிடிபட்டால் மற்ற 8 கட்டுரையும் சந்தேகத்துக்குள்ளாகும். சம பங்களிப்பு என்று கட்டுரையிலேயே அச்சாகியிருந்தால் குறி போட்டு அதைச் சொல்லலாம். தொடர்பு ஆசிரியராக இருந்த கட்டுரைக்கு ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள், உங்கள் துறையில் அது தனித்து இயங்கும் திறனுக்கு அடையாளமாகப் பார்க்கப்படும். குழுவில் கணிதக்காரரோ பொருளியல்காரரோ இருந்தால் அவர்கள் துறையில் பெயர்களை அகர வரிசையில் போடும் வழக்கம் உண்டு என்பதால் "முதல் ஆசிரியர்" என்பதன் எடை அவருக்குத் தெரியாமல் போகலாம். பட்டியலுக்கு மேலே உள்ள அந்த ஒரு வரி அவருக்கும் சேர்த்துத்தான்.

ஜர்னல் பெயருக்குப் பக்கத்தில் இம்பாக்ட் ஃபாக்டர் போடும் பழக்கம் இன்னும் நிறையப் பேரிடம் இருக்கிறது. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கூட்டத்திலிருந்து உருவாகி அடுத்த ஆண்டு வெளியான ஆய்வு மதிப்பீட்டுப் பிரகடனம், டோரா என்பார்கள், தனி ஆய்வாளரை ஜர்னலின் எண்ணை வைத்து அளக்கக் கூடாது என்கிறது. நிறைய பல்கலைக்கழகங்களும் நிதி அமைப்புகளும் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. விண்ணப்பிக்கும் இடம் கையெழுத்திட்டதா என்று ஒருமுறை பாருங்கள். ஆம் என்றால் இம்பாக்ட் ஃபாக்டர் போடுவது உங்களுக்கே எதிராகலாம். சில இடங்களில் படிவமே அந்த எண்ணைக் கேட்கும், அங்கே கொடுத்துத்தான் ஆக வேண்டும். கேட்காத இடத்தில் நான் போட மாட்டேன்.

பரிசீலனையில் உள்ள இரண்டு பற்றி. வெளியாகாதவற்றுக்குப் படிநிலைகள் இருக்கின்றன, அவற்றைக் கலந்து எழுதுவதுதான் சிக்கல். "ஏற்கப்பட்டது" என்று எழுத ஆசிரியர் குழுவின் ஏற்புக் கடிதம் கையில் இருக்க வேண்டும். மதிப்பாய்வுக்குப் பின் திருத்தி அனுப்பச் சொல்லியிருந்தால் "திருத்தத்தில்" என்று எழுதி ஜர்னல் பெயரையும் சொல்லலாம், அது ஒரு வடிகட்டலைத் தாண்டி வந்தது. வெறுமனே அனுப்பிவைத்தது மட்டும் என்றால் "பரிசீலனையில்" என்று எழுதி ஜர்னல் பெயரை விட்டுவிடுங்கள் என்பேன், ஏனென்றால் எந்தப் பெரிய ஜர்னலுக்கும் யாரும் அனுப்பலாம், பெயரைச் சொல்வதால் ஒன்றும் நிரூபணமாகாது. ப்ரீபிரின்ட் போட்டிருந்தால் அதன் இணைப்பைக் கொடுங்கள், படித்துப் பார்க்க முடிகிற கட்டுரை என்பது வெறும் தலைப்பைவிட எவ்வளவோ மேல். ப்ரீபிரின்ட்டாக வந்து பின்னர் ஜர்னலில் வெளியானதை இரண்டு முறை எழுதாதீர்கள். "தயாரிப்பில்" என்ற தலைப்பைப் பொறுத்தவரை என் கருத்து கறாரானது: கேட்டால் நாளைக்கே வரைவை அனுப்ப முடியுமென்றால் ஒன்று போடுங்கள், இல்லையென்றால் அந்தத் தலைப்பே வேண்டாம். தயாரிப்பில் 6 கட்டுரை என்று எழுதியவரிடம் குழு ஒன்றை அனுப்பச் சொல்லிக் கேட்பது நடக்கக்கூடியதுதான்.

அடுத்து நிதி. நீங்கள் அடுக்கியிருக்கும் ஐந்தும் ஒரே தலைப்பில் நிற்கத் தகுந்தவை அல்ல. நிதி என்று குழு தேடுவது ஒன்றைத்தான்: இவர் ஒரு திட்டம் எழுதி, போட்டியில் வென்று, பணம் வாங்கி, கணக்கு முடித்திருக்கிறாரா? அதற்கு ஆம் என்று சொல்வது உங்களுடைய அந்தச் சிறிய உள் நிதி மட்டுமே, ஆகவே தொகையைப் பார்க்காமல் அதுதான் முதல் வரி. நிதி கொடுத்த அமைப்பு, திட்டத்தின் தலைப்பு, உங்கள் பங்கு (முதன்மை ஆய்வாளர்), தொகை, காலம், அதிலிருந்து என்ன வந்தது. கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை. "இந்த நிதியில் கிடைத்த முதல்கட்ட முடிவுகள் 7ஆம் எண் கட்டுரையாக வெளியாயின" என்று ஒரு வாக்கியம் எழுத முடிந்தால் சின்னத் தொகை சின்னதாகத் தெரியாது.

வழிகாட்டியின் பெரிய திட்டத்தை உங்கள் நிதியாக எழுதக் கூடாது. அதில் உங்களுக்குச் சம்பளம் வந்தது என்பது பணிகள் பகுதியில் போஸ்ட்டாக் பதிவில் "இந்தத் திட்டத்தின் கீழ்" என்று வர வேண்டிய செய்தி. ஆனால் விண்ணப்பத்தை எழுதியதில் உங்களுக்குப் பங்கு இருந்தால் அதற்கு நிதிப் பகுதியில் ஒரு துணைத்தலைப்பு உண்டு: "நிதி விண்ணப்பங்களில் பங்களிப்பு". அதில் முதன்மை ஆய்வாளர் யார் என்று தெளிவாகச் சொல்லி, "ஆய்வு முறைப் பகுதியையும் கருவிச் செலவு மதிப்பீட்டையும் நான் எழுதினேன்" என்று எழுதுங்கள். இதை எழுதுவதற்கு முன் வழிகாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பெரும்பாலும் உங்களுக்குப் பரிந்துரை எழுதப்போவதும் அவர்தான், இரண்டு தாளும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். இணை ஆய்வாளராக அதிகாரபூர்வமாகப் பெயர் இருந்தால் அது வேறு, அப்போது மொத்தத் தொகையையும் உங்கள் பகுதிக்கு வந்த தொகையையும் இரண்டையும் எழுதுங்கள். மொத்தத்தை மட்டும் எழுதினால் ஊதிப் பெருக்கியதாக நினைப்பார்கள்.

பிஎச்.டி. உதவித்தொகை படிப்புப் பகுதியில் பட்டத்துக்குப் பக்கத்தில் போகட்டும், போட்டியில் வென்றதென்றால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். பயண நிதி இரண்டையும் "பரிசுகளும் பயண நிதியும்" என்று பின்னால் ஒரு சின்னத் தலைப்பில் ஒரே வரியில். கிடைக்காமல் போன விண்ணப்பங்கள்? விளம்பரம் "திறனுக்கு ஆதாரம்" என்று கேட்பதால் ஒன்றை யோசிக்கலாம்: வெளி நிதிக்கு விண்ணப்பித்து இறுதிச் சுற்று அல்லது நேர்காணல் வரை போயிருந்தால் அதை அப்படியே "இறுதிச் சுற்று வரை சென்றது" என்று எழுதலாம். முதல் கட்டத்திலேயே திரும்பியதை எழுத வேண்டாம். முடிவு வராமல் இருக்கும் விண்ணப்பம் இருந்தால் முடிவு எப்போது எதிர்பார்க்கப்படுகிறது என்ற மாதத்தோடு எழுதுங்கள், பணியில் சேரும்போதே கையில் பணம் இருக்கலாம் என்று குழு கணக்குப் போடும்.

இப்படி அடுக்கினால் உங்கள் பக்கங்கள் கிட்டத்தட்ட இப்படி விழும். முதல் பக்கத்தில் மூன்று வரி அறிமுகம், படிப்பு, பணிகள், அதன் கீழே கற்பித்தல். இரண்டாம் பக்கம் முழுவதும் ஜர்னல் கட்டுரைகள். மூன்றாம் பக்க மேற்பகுதியில் பரிசீலனையில் உள்ளவை, அடுத்து நிதி, அடுத்து அழைப்பின் பேரில் ஆற்றிய உரைகள். நாலாம் பக்கத்தில் மற்ற மாநாடுகளில் முக்கியமானவை மட்டும், ஜர்னல்களுக்கு மதிப்பாய்வு செய்தது, துறை வேலைகள், கருவிகள், பரிந்துரையாளர்கள். 7 பக்கம் 4 ஆகிவிடும், உங்கள் சாதனைகளில் ஒன்றுகூட வெளியே போகவில்லை, போனவை பள்ளி மதிப்பெண்ணும் சுவரொட்டி வைத்த சின்னக் கூட்டங்களும் தற்புகழ்ச்சிப் பத்தியும்தான்.

தலைப்புகளுக்கு விளம்பரத்தின் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் "ஆய்வு நிதி" என்றால் நீங்களும் "ஆய்வு நிதி" என்றே எழுதுங்கள், "பெற்ற கௌரவங்கள்" என்ற தலைப்புக்குள் நிதியை வைத்தால் தேடுபவருக்குக் கிடைக்காது. அட்டவணைகள் அழகாக இருக்கும், ஆனால் சில இணையப் படிவங்கள் சி.வி.யை வெறும் எழுத்தாக மாற்றிவிடும், அப்போது கட்டங்கள் குலைந்து தொகை ஒரு பக்கம், ஆண்டு ஒரு பக்கம் என்று சிதறும். சாதாரண வரிகளாகவே எழுதி, பி.டி.எஃப். ஆக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் பெயரும் பக்க எண்ணும் வரச் செய்யுங்கள்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். விளம்பரத்தை அச்செடுத்து, ஒவ்வொரு அவசியத் தகுதிக்கும் பக்கத்தில் அதற்கான ஆதாரம் உங்கள் சி.வி.யில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று பென்சிலால் எழுதுங்கள். எழுத முடியாத தகுதி ஏதாவது இருந்தால் ஒன்று அந்த அனுபவம் உங்களிடம் இல்லை, இல்லையென்றால் எழுத மறந்திருக்கிறீர்கள். இல்லாததை இழுத்துப் பிடிக்க வேண்டாம், அதை எப்படி ஈடுகட்டுவீர்கள் என்று சொல்ல விண்ணப்பக் கடிதம் இருக்கிறது. எல்லா எண்களும் 3, 4 என்றே வந்தால் முதல் இரண்டு பக்கத்தில் இன்னும் தேவையில்லாதது ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

விண்ணப்பம் அனுப்பிய பிறகு அந்த இரண்டு கட்டுரைகளில் ஒன்று ஏற்கப்பட்டால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். விளம்பரத்தில் கொடுத்திருக்கும் தொடர்பு முகவரிக்குக் கட்டுரையின் தலைப்பு, ஜர்னல், ஏற்கப்பட்ட தேதி மூன்றையும் இரண்டு வரியில் அனுப்பி, விண்ணப்பத்தோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். குறும்பட்டியல் போடுவதற்குள் போய்ச் சேர்ந்தால் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள்.